ஓஸை இன்னும் கீழே இறக்காதீர்கள்

தொட்டித் தண்ணீரைச் சுவருக்கு மேலாக ஓஸ் போட்டு வடிக்கும்போது ஓட்டம் நின்றுபோனால், பக்கத்தில் நிற்பவர் சொல்லும் யோசனை எப்போதும் ஒன்றுதான். “வெளி முனையை இன்னும் கொஞ்சம் கீழே இறக்குங்க, இழுப்பு கூடும்.” தோட்டத்து ஆள் சொல்வார், பிளம்பர் சொல்வார், இயற்பியல் படித்த உறவினரும் தலையாட்டுவார். ஓஸை நீட்டி, சரிவில் இன்னும் பத்தடி கீழே கொண்டுபோய்ப் போடுவார்கள். சில இடங்களில் ஓட்டம் கூடும். சில இடங்களில் ஓஸ் கடகடவென்று அடித்து, கொப்பளித்து, முன்பு வந்த தண்ணீரும் வராமல் போகும். அப்போது பழி ஓஸின் மேல் விழும்: “எங்கேயோ ஓட்டை இருக்கு.”

ஓஸில் ஓட்டை இல்லை, யோசனையில்தான் இருக்கிறது. அதற்குப் பின்னால் ஒரு கொள்கை உண்டு. இறங்கும் பக்கத்துத் தண்ணீர் நீளமானது, கனமானது. கப்பியில் தொங்கும் கயிற்றின் நீண்ட பக்கம் குட்டைப் பக்கத்தை இழுப்பதுபோல அது ஏறும் பக்கத்துத் தண்ணீரை இழுத்துக்கொண்டு வருகிறது என்பது அந்தக் கொள்கை. கேட்க அழகாக இருக்கிறது. இதை ஏற்றுக்கொண்டால் அடுத்த முடிவு தானாக வரும்: இறங்கும் பக்கத்தை நீட்டிக்கொண்டே போனால் எவ்வளவு உயரமான சுவரையும் தாண்டலாம். இந்த முடிவு தவறு. தவறு என்பதைவிட, உண்மைக்கு நேர் எதிரானது. சைஃபன் தாண்டக்கூடிய உயரத்தை வெளி முனையைத் தாழ்த்திக் கூட்ட முடியாது; பெரும்பாலான நேரம் அது குறையவே செய்யும்.

முதலில் கயிற்றைப் பார்ப்போம். இந்தச் சோதனையை யாரும் வீட்டு மொட்டைமாடியில் செய்யலாம். ஏறும் பக்கத்துக்கு இரண்டு இன்ச் பிவிசி குழாய், நீர்மட்டத்துக்கு மேல் அரை மீட்டர். அதன் உச்சியில் ரெட்யூசர் வைத்து, இறங்கும் பக்கத்துக்கு 8 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள மெல்லிய டியூப், 80 சென்டிமீட்டர். இரண்டு முனைகளையும் அடைத்து, காற்று இல்லாமல் நீர் நிரப்பி, பெரிய முனையை வாளிக்குள் அமிழ்த்தி, அடைப்புகளைத் திறந்தால் தண்ணீர் மெல்லிய டியூப் வழியாக வெளியே ஓடும். இப்போது எடையைக் கணக்கிடுங்கள். ஏறும் பக்கத்தில் நீர்மட்டத்துக்கு மேலுள்ள தண்ணீர் ஏறத்தாழ ஒரு கிலோ. இறங்கும் பக்கத்துத் தண்ணீர் மொத்தம் 40 கிராம். கயிறு என்றால் ஒரு கிலோ பக்கம் அல்லவா ஜெயித்திருக்க வேண்டும்? மெல்லிய டியூபின் தண்ணீர் மேலேறி வாளிக்குள் அல்லவா போயிருக்க வேண்டும்? அப்படி நடப்பதில்லை. சைஃபனுக்கு எடை முக்கியமில்லை, உயரம்தான் முக்கியம். உயரத்தை வைத்துக் கணக்குப் பார்க்கும் பொருள் அழுத்தம். கயிற்றுக்கு அந்தக் கணக்கு தெரியாது.

இன்னொரு சோதனை இதைவிட எளிது. ஓடிக்கொண்டிருக்கும் சைஃபனின் உச்சி வளைவில் ஊசியால் ஒரு சின்னத் துளை போடுங்கள். குழாயடியில் மாட்டிய ஓஸில் துளை போட்டால் தண்ணீர் வெளியே பீச்சும். இங்கே ஒரு சொட்டும் வெளியே வராது. காற்று ‘உஸ்’ என்று உள்ளே போகும், உச்சியில் குமிழி பெருகும், சற்று நேரத்தில் தண்ணீர் இரண்டாகப் பிரிந்து இரு பக்கமும் இறங்கிவிடும். உச்சியில் உள்ள தண்ணீரின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைவு என்பதை இதைவிட நேராக எந்தக் கருவியும் காட்டாது. இந்தக் குறைவுதான் சைஃபனின் எல்லை பற்றிய கதை முழுவதும்.

எதிர்த்தரப்பில் வெறும் திண்ணைப் பேச்சு மட்டும் இருந்தால் இத்துடன் முடித்துக்கொள்ளலாம். ஆனால் கயிற்றுக் கொள்கைக்குப் பெரிய வக்கீல்கள் உண்டு. முதல் வக்கீல் கலிலியோ.

1630ஆம் ஆண்டு ஜெனோவாவைச் சேர்ந்த ஜொவான்னி பத்திஸ்தா பலியானி, கலிலியோவுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஒரு குன்றின் மேலாகத் தண்ணீரைக் கொண்டுபோகச் சைஃபன் அமைத்திருந்தார்கள். ஏற்றம் ஏறத்தாழ 21 மீட்டர். வெளி முனை தாழ்வாகத்தான் இருந்தது, குழாயும் நிரப்பப்பட்டது. ஆனால் திறந்ததும் தண்ணீர் குன்றைத் தாண்டாமல் இரண்டு பக்கமும் இறங்கிவிட்டது. ஏன் என்று கேட்டார். கலிலியோவின் பதில் கயிறுதான்: நீளமான கயிறு தன் எடையாலேயே அறுந்துபோவதுபோல, உயரமான நீர்த்தூணும் ஓர் அளவுக்கு மேல் தன் எடை தாங்காமல் அறுந்துவிடுகிறது. 1638இல் வந்த புத்தகத்திலும் இதையே எழுதி, உறிஞ்சு பம்பின் எல்லை 18 முழம் என்றார். பலியானிக்கு இந்தப் பதில் போதவில்லை. 1630 அக்டோபரிலேயே எழுதிய கடிதத்தில், நம் மேல் உள்ள காற்றுக்கு எடை உண்டு, அந்த எடைதான் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்ற கருத்தை வைத்தார். பெரிய பெயர் ஒரு பக்கம், சரியான விடை இன்னொரு பக்கம். வரலாற்றில் இது புதிதல்ல.

எது சரி என்று முடிவு செய்ய அதிக காலம் ஆகவில்லை. கலிலியோவின் சீடர் டோரிசெல்லி 1644இல் எழுதிய கடிதத்தில் பாதரசச் சோதனையை விவரித்தார். பாதரசத் தூண் சுமார் 76 சென்டிமீட்டர் வரைதான் நிற்கிறது. நீர்த்தூண் சுமார் 10.3 மீட்டர் வரை. இரண்டுக்கும் உள்ள விகிதம் 13.6. பாதரசம் நீரைவிட எத்தனை மடங்கு கனமோ அதே எண். திரவங்கள் கயிறுபோல அறுந்தால், நீரின் பலமும் பாதரசத்தின் பலமும் வேறு வேறு என்பதால், அந்த விகிதம் இவ்வளவு கச்சிதமாக அமைய எந்தக் காரணமும் இல்லை. இரண்டையும் ஒரே காற்று தாங்கினால் மட்டுமே அந்த எண் வரும். அடுத்து 1648இல் பாஸ்கலின் மைத்துனர் பெரியே, பாதரசக் குழாயை எடுத்துக்கொண்டு புய் தெ டோம் மலையேறினார். உச்சியில் தூண் எட்டு சென்டிமீட்டருக்கும் மேல் தாழ்ந்தது. மலையேறினால் பாதரசத்தின் பலம் குறையாது, காற்றின் எடைதான் குறையும். கயிற்று வாதத்துக்கு அன்றே பதில் சொல்லியாகிவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஆனால் வாதம் சாகவில்லை. 2010இல் புது உயிர் பெற்றது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இயற்பியலாளர் ஸ்டீஃபன் ஹியூஸ், ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி 1911 முதல் ஒரு தவறைச் சுமந்துகொண்டிருக்கிறது என்று சுட்டிக்காட்டினார். சைஃபனை ஓட்டுவது காற்றழுத்தம் என்று அகராதி சொன்னது. ஓட்டுவது புவியீர்ப்பு என்றார் அவர். இதில் அவர் பக்கம்தான் நியாயம். காற்று தொட்டியின் நீர்மட்டத்தையும் அழுத்துகிறது, வெளி வாயையும் அழுத்துகிறது; இரண்டும் ஏறத்தாழ சமம், இன்னும் சொன்னால் தாழ்வான வெளி வாயில்தான் துளி அதிகம். ஆகவே காற்றால் ஓட்டத்தைத் தர முடியாது. ஓட்டத்தைத் தருவது தொட்டியின் நீர்மட்டத்துக்கும் வெளி வாய்க்கும் இடையிலுள்ள உயர வித்தியாசம், அதாவது புவியீர்ப்பு. மறுப்பில்லை.

என் மறுப்பு அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. “காற்று ஓட்டவில்லை, ஆகவே காற்றுக்கு வேலையே இல்லை, நீர் நீரை இழுக்கிறது” என்று பலர் தாவிவிட்டார்கள். இரு முனைகளிலும் சமமாக அழுத்தும் காற்று ஓட்டத்தைத் தராது என்பது உண்மைதான். ஆனால் அதே காற்று இரு பக்கமிருந்தும் அழுத்தித்தான் உச்சியில் தண்ணீரைப் பிரியவிடாமல் சேர்த்து வைத்திருக்கிறது. இதற்குச் சாட்சி ஹியூஸின் சொந்தச் சோதனையே. 2014இல் அவரும் உடன் ஆய்வாளரும் வெளியிட்ட கட்டுரையில், ஒன்றரை மீட்டர் உயரமுள்ள சைஃபனைக் காற்றழுத்தம் குறைக்கும் அறைக்குள் வைத்து, அழுத்தத்தைப் படிப்படியாகக் குறைத்தார்கள். ஓட்டத்தின் அளவு வெகு நேரம் மாறவே இல்லை. காற்று ஓட்டவில்லை என்பதற்கு அது சான்று. ஆனால் அழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே போனதும் உச்சியில் தண்ணீர் பிரிந்து, இரண்டு தூண்களாக நின்றது. அழுத்தத்தை மீண்டும் ஏற்றியதும் தூண்கள் சேர்ந்து ஓட்டம் திரும்பியது. ஒரே சோதனையில் இரண்டு உண்மை: ஓட்டுவது ஈர்ப்பு, சேர்த்துவைப்பது காற்று. முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிடுவது வசதியான ஞாபகமறதி.

2015இல் ஹியூஸும் மற்ற ஆய்வாளர்களும் 15 மீட்டர் உயரச் சைஃபனை இயக்கிக் காட்டவில்லையா என்று ஒருவர் கேட்பார். காட்டினார்கள், உண்மை. மரங்கள் நூறு மீட்டருக்கு நீரை ஏற்றவில்லையா என்று இன்னொருவர் கேட்பார். ஏற்றுகின்றன, அதுவும் உண்மை. நீர் மூலக்கூறுகளுக்குள் ஒட்டு இருக்கிறது என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அந்த 15 மீட்டருக்கு நீரிலிருந்து கரைந்த காற்றை வெற்றிடத்தில் முன்கூட்டியே அகற்ற வேண்டியிருந்தது. மரத்தின் நாளங்களோ முடியளவு மெல்லியவை. தோன்றியதிலிருந்தே நீர் நிரம்பியவை. நம் தொட்டித் தண்ணீர் வெயிலில் கிடக்கிறது. காற்றைக் கரைத்து வைத்திருக்கிறது. பாசியும் தூசும் மிதக்கின்றன. ஓஸின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் காற்று ஒட்டியிருக்கிறது. ஒவ்வொரு கீறலும் ஒரு குமிழிக்கு நாற்றங்கால். இந்தத் தண்ணீரின் இழுபலத்தை நம்பி ஒரு சென்டிமீட்டர்கூடக் கடன் வாங்க முடியாது. ஆய்வகத்தில் முடிந்ததைத் தோட்டத்துக்கு அப்படியே கொண்டுவருவது அறிவியல் ஆகாது.

அப்படியானால் தோட்டத்துக் கணக்கு என்ன? இங்கே இரண்டாவது தவறான கருத்தையும் சந்திக்க வேண்டும்: “புத்தகத்தில் 10 மீட்டர் என்று போட்டிருக்கிறது, என் சுவர் 8 மீட்டர்தான், ஆகவே தாண்டும்.” அந்த 10.3 மீட்டர், கடல்மட்டத்தில், ஓடாமல் நிற்கும், கொதிக்காத தண்ணீருக்கு. நம் தண்ணீர் ஓடுகிறது. அதனால் காற்று தரும் அந்த 10.3 மீட்டரை ஒரு கைச்செலவுப் பணமாக வைத்துக்கொண்டு, செலவுகளை ஒவ்வொன்றாகக் கழிக்க வேண்டும்.

முதல் செலவு ஏற்றம். தொட்டியின் நீர்மட்டத்திலிருந்து ஓஸின் உச்சி வரையுள்ள உயரம். தரையிலிருந்து சுவரின் உயரம் அல்ல, தொட்டியின் அடியிலிருந்தும் அல்ல. ஓஸின் உள் முனை எவ்வளவு ஆழத்தில் மூழ்கியிருந்தாலும் அந்த ஆழம் கணக்கில் வராது, சுற்றியுள்ள தண்ணீர் அதைச் சமன் செய்துவிடுகிறது. இரண்டாவது செலவு ஆவியழுத்தம். உச்சியில் அழுத்தம் மிகவும் குறைந்தால் தண்ணீர் அந்த வெப்பத்திலேயே கொதிக்கத் தொடங்கும். 30 டிகிரியில் இதற்கு 43 சென்டிமீட்டர் ஒதுக்க வேண்டும், 15 டிகிரியில் 17 சென்டிமீட்டர் போதும். மூன்றாவது செலவு ஓட்டம். உள் முனையிலிருந்து உச்சி வரை தண்ணீர் உராய்ந்து வரும் இழப்பும் அது பெற்றிருக்கும் வேகத்துக்கான பங்கும். இந்த மூன்றாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். வெளி வாயைத் தாழ்த்தும்போது கூடுவதும் இதுதான்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். இடம் உதகமண்டலம். கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்று தரும் தொகை 10.3 அல்ல, சுமார் 7.9 மீட்டர்தான். ஆவியழுத்தத்துக்கு 20 சென்டிமீட்டர் ஒதுக்கினால் கையில் 7.7. கேரட் தோட்டத்து மேட்டில் கல்சுவர் கட்டிய ஓர் ஆழமான தொட்டி. நீர்மட்டம் சுவரின் உச்சியிலிருந்து 5 மீட்டர் கீழே. சுவருக்கு அந்தப் பக்கம் சரிவு. ஓஸ் ஒரு இன்ச், உள்விட்டம் 25 மில்லிமீட்டர். ஏறும் பக்கம் 8 மீட்டர் நீளம், இறங்கும் பக்கம் 12 மீட்டர், வெளி வாய் நீர்மட்டத்துக்கு 4 மீட்டர் கீழே. ஓரளவு பழைய ஓஸுக்குரிய உராய்வை வைத்துக் கணக்கிட்டால் நிமிடத்துக்குச் சுமார் 52 லிட்டர் ஓடும். உச்சி வரையுள்ள ஓட்டச் செலவு 1.74 மீட்டர். ஏற்றத்தையும் சேர்த்தால் 6.74. கையில் 7.7 இருக்கிறது; ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவான மிச்சத்தில் சைஃபன் ஓடுகிறது.

இப்போது பக்கத்தில் நிற்பவரின் யோசனையைக் கேட்போம். ஓஸை 6 மீட்டர் நீட்டி, வெளி வாயை நீர்மட்டத்துக்கு 10 மீட்டர் கீழே கொண்டுபோகிறோம். கணக்குப்படி ஓட்டம் நிமிடத்துக்கு 72 லிட்டர் ஆக வேண்டும். அந்த வேகத்தில் உச்சி வரையுள்ள ஓட்டச் செலவு 3.4 மீட்டர். ஏற்றத்துடன் 8.4. கையில் இருப்பதோ 7.7. செலவு வரவை மீறிவிட்டது. உச்சியில் தண்ணீர் பிரிகிறது, ஆவியும் கரைந்திருந்த காற்றும் அங்கே கூடுகின்றன, இறங்கும் பக்கத்து ஓஸ் முழுதாக நிரம்பாமல் கடகடக்கிறது. ஓட்டையைத் தேடி ஓஸைத் தடவிக்கொண்டு போகிறவர்கள் அப்போதுதான் வருவார்கள்.

இந்த நிலையில் ஓட்டத்தை முடிவு செய்வது இறங்கும் பக்கம் அல்ல, ஏறும் பக்கம். 7.7இல் ஏற்றத்துக்கு 5 போக மீதி 2.7 மீட்டர் செலவில் ஏறும் பக்கம் எவ்வளவு கொண்டுவர முடியுமோ அவ்வளவுதான்: நிமிடத்துக்குச் சுமார் 64 லிட்டர், அதுவும் குமிழிகள் தொந்தரவு செய்யாவிட்டால். வெளி வாயை 20 மீட்டர் தாழ்த்தினாலும், பள்ளத்தாக்கின் அடிவரை கொண்டுபோனாலும், இந்த எண் ஒரு சொட்டு கூடாது. கயிற்றுக் கொள்கை சரி என்றால் இப்படி ஓர் உச்சவரம்பு இருக்கவே கூடாது. காற்று தன்னால் முடிந்த அளவுக்குத்தான் தண்ணீரை மேலே தள்ளும், அதற்கு மேல் கீழே எவ்வளவு பெரிய பள்ளம் இருந்தாலும் அதைப் பற்றி அதற்குக் கவலை இல்லை.

இதே ஓஸைச் சென்னையில் போட்டால் 8.4 செலவு 10.3 வரவுக்குள் அடங்கிவிடும், ஓடும். கடலோரத்தில் வேலைசெய்த யோசனை மலையில் தோற்பதற்கு இதுதான் காரணம். “எங்க ஊர்ல இப்படித்தான் பண்ணுவோம்” என்று மலைக்கு வந்து சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவர் ஊரில் காற்று அதிகம்.

சரி, வெளி வாய் 10 மீட்டர் கீழே இருந்தே ஆக வேண்டும், தோட்டம் அங்கேதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். என்ன செய்வது? வெளி வாயில் ஒரு பால் வால்வு வைத்துப் பாதி ஓட்டத்துக்கு மூடுங்கள். 72க்குப் பதிலாக நிமிடத்துக்கு 36 லிட்டர். உராய்வும் வேகப்பங்கும் ஓட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், ஓட்டம் பாதியானால் அந்தச் செலவு கால்பங்காகிவிடும்: 3.4 மீட்டர் 85 சென்டிமீட்டராகிறது. மொத்தச் செலவு 5.85. கையில் கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் மிச்சம். உச்சி அமைதியாகிறது, ஓஸ் நிரம்பி ஓடுகிறது. வாயை ஒடுக்கினால் சைஃபன் அதிக உயரம் தாண்டும் என்று சொன்னால் கயிற்றுக் கட்சிக்காரர் சிரிப்பார். கணக்கைக் கையில் கொடுத்துவிட்டு நாம் சும்மா இருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. வால்வு வெளி வாயில்தான் இருக்க வேண்டும். அதே வால்வை ஏறும் பக்கத்தில், தொட்டிக்குள் இருக்கும் முனையில் வைத்து மூடினால், அந்த வால்வின் இழப்பும் உச்சிக்கு முன்பே செலவாகிவிடும். உச்சி அழுத்தம் இன்னும் குறையும். அடைத்துப்போன வலை, பாசி பிடித்த ஃபுட் வால்வு, ஏறும் பக்கத்தில் மடங்கிப்போன ஓஸ் எல்லாமே இந்தத் தவறைத்தான் செய்கின்றன. ஓட்டம் குறைந்திருந்தும் உச்சியில் கடகடப்பு கேட்டால் முதலில் உள் முனையைத் தூக்கிப் பாருங்கள்.

ஓஸின் தரமும் இங்கே பேச வேண்டிய விஷயம். உச்சியில் உள்ளே அழுத்தம் வெளியைவிட ஆறேழு மீட்டர் அளவுக்குக் குறைவு. வெளிக்காற்று ஓஸை எல்லாப் பக்கமும் அமுக்குகிறது. செடிக்குத் தண்ணீர் விடும் மென்மையான ஓஸ் சுவரின் விளிம்பில் சப்பையாக ஒட்டிக்கொள்ளும், அதுவும் வெயிலில் இளகியிருந்தால் நிச்சயம். வெளி வாயைத் தாழ்த்தத் தாழ்த்த ஒட்டுவது கூடும். உள்ளே சுருள் வைத்த சக்‌ஷன் ஓஸோ, கெட்டியான எச்டிபிஇ குழாயோ இல்லாமல் மூன்று மீட்டருக்கு மேல் ஏற்றம் முயல வேண்டாம் என்பது என் கருத்து.

இன்னும் ஒரு மாயை மிச்சமிருக்கிறது: “ஓட ஆரம்பிச்சா போதும், தொட்டி காலியாகிற வரை ஓடும்.” தொட்டி வடிய வடிய நீர்மட்டம் இறங்குகிறது, சுவரின் உச்சி இறங்குவதில்லை. ஆகவே ஏற்றம் கூடிக்கொண்டே போகிறது. நம் முதல் அமைப்பில், வெளி வாய் 4 மீட்டர் கீழே இருந்தபோது, 96 சென்டிமீட்டர் மிச்சம் இருந்தது. மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால் ஏற்றச் செலவு ஒரு மீட்டர் கூடும். ஆனால் ஓட்டமும் தளர்வதால் ஓட்டச் செலவு சற்றுக் குறையும். இரண்டையும் சேர்த்தால் மீட்டருக்குச் சுமார் 56 சென்டிமீட்டர் கரைகிறது. அதாவது மட்டம் 1.7 மீட்டர் இறங்கும்போது கையிருப்பு தீர்ந்துவிடும். காலையில் ஜோராக ஓடிய சைஃபன் மதியம் நிற்பதற்குப் பேய் பிசாசு காரணமில்லை.

உண்மையில் அதற்கு முன்பே நிற்கும். கணக்கில் எழுத முடியாத வில்லன் கரைந்த காற்று. அழுத்தம் குறைந்த உச்சியில் அது நீரை விட்டுப் பிரிந்து குமிழியாகச் சேர்கிறது, சோடா பாட்டிலின் மூடியைத் திறந்ததுபோல. ஓட்டம் வேகமாக இருந்தால் இறங்கும் தண்ணீர் குமிழிகளை அடித்துக்கொண்டு போய்விடும். மெதுவாக இருந்தால் அவை மேலேறி உச்சியிலேயே தங்கி, பெருகி, கடைசியில் தண்ணீரைப் பிரித்துவிடும். செங்குத்தான ஒரு இன்ச் ஓஸில் பெரிய குமிழி மேலேறும் வேகம் விநாடிக்குச் சுமார் 17 சென்டிமீட்டர். நிமிடத்துக்கு 5 லிட்டருக்குக் கீழே ஓட்டம் போனால் குமிழி ஜெயிக்கும். ஆகவே வால்வை மூடுவதற்கும் ஓர் எல்லை உண்டு. பாதி மூடுவது புத்திசாலித்தனம், சொட்டுச் சொட்டாக விடுவது சைஃபனைக் கொல்வது. நான்கு இன்ச் குழாயில் அந்தக் குமிழி விநாடிக்கு 35 சென்டிமீட்டர் வேகத்தில் ஏறும். “பெரிய குழாய் போடுங்க, உராய்வு குறையும்” என்ற ஆலோசனை குறைந்த ஓட்டத்துக்கு ஏன் பலிப்பதில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படியென்றால் சைஃபனை நம்பித் தாண்டக்கூடிய ஏற்றம் எவ்வளவு? மேலே சொன்ன செலவுகளையும் குமிழிக்கான பாதுகாப்பையும் கழித்துப் பார்த்தால், கடலோர ஊர்களில் ஏற்றமும் ஓட்டச் செலவும் சேர்த்து ஏழு, ஏழரை மீட்டருக்குள் நிறுத்துவது நல்லது. உதகை உயரத்தில் ஐந்தரை, ஆறு. இதில் சுவரின் பங்கு எவ்வளவு, ஓட்டத்தின் பங்கு எவ்வளவு என்பதை நீங்கள் வால்வால் தீர்மானிக்கிறீர்கள். பத்து மீட்டர் என்ற புத்தக எண், ஓடாத சைஃபனுக்கு உரியது. ஓடாத சைஃபன் யாருக்கும் தேவையில்லை.

கயிற்றுக் கொள்கையை வைத்திருப்பவர்கள் தாராளமாக வைத்திருக்கலாம். ஆய்வகத்தில் காற்றகற்றிய நீரில் அது கொஞ்சம் வேலைசெய்யும். தொட்டியடியில் நிற்பவர்களுக்கு என் வேண்டுகோள் வேறு. அடுத்த முறை சைஃபன் கடகடத்தால் வெளி முனையை இறக்காதீர்கள். அது இருக்கும் இடத்திலேயே வால்வைக் கொஞ்சம் மூடுங்கள். சத்தம் அடங்கினால் குற்றவாளி உங்கள் ஓஸில் இல்லை, உச்சி அழுத்தத்தில். அடங்காவிட்டால் உள் முனையின் வலையைச் சுத்தம் செய்யுங்கள், உச்சியில் ஓஸ் சப்பியிருக்கிறதா என்று பாருங்கள், பிறகு நீர்மட்டத்திலிருந்து சுவரின் உச்சி வரை ஒரு டேப்பைப் பிடித்து அளந்து பாருங்கள். அந்த அளவு கடலோரத்தில் ஏழரை மீட்டரையோ உதகை உயரத்தில் ஆறு மீட்டரையோ தாண்டியிருந்தால் ஓஸைச் சுருட்டி வைத்துவிட்டு மோட்டார் வாங்குங்கள். அந்த மோட்டாரையும் சுவருக்கு மேலே வைத்து உறிஞ்ச வைக்காதீர்கள், அதற்கும் இதே எல்லைதான். தொட்டிக்குள் இறக்கும் சப்மெர்சிபிள் வாங்குங்கள்.